வரக்காப்பியும் சிவப்பு மாத்திரையும்: ஏற்காடு முகாமில் நடந்தது

மலைச்செவிலி

சேலம் மாவட்டத்தில் பத்தொன்பது வருடமாகச் செவிலியர் வேலை பார்க்கிறேன். அதில் பாதிக்கு மேல் ஏற்காடு மலையில்தான். ரத்தசோகை பற்றி ஒரு முகாமில் பேசியதையும், அந்தப் பேச்சில் நான் செய்த ஒரு தவறையும், அதன் பிறகு நடந்ததையும் எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும்.

கூட்டத்தில் காப்பித் தோட்டத்துப் பெண்கள் முப்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். கூடவே தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, விடுமுறைக்கு வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஹீமோகுளோபின் என்றால் முன்வரிசைக்குப் புரியாது. "ரத்தம் கம்மி" என்றால் எல்லோருக்கும் புரியும், ஆனால் தப்பாகப் புரியும். உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவே குறைந்துவிட்டது என்று நினைப்பார்கள். அதனால்தான் சோதனைக்கு ஊசி குத்தவே பயம். "இருக்கறதே கொஞ்சம், அதையும் உறிஞ்சிக்கிட்டா எப்படிங்க சிஸ்டர்?" என்று ஒரு அம்மா உண்மையாகவே கேட்டார்.

அளவு குறையவில்லை, அதில் இருக்கும் சத்துதான் குறைந்திருக்கிறது என்று காட்ட இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றில் முதல் டிக்காஷன், இன்னொன்றில் அதே தூளில் மூன்றாவது முறை தண்ணீர் ஊற்றி இறக்கியது. டம்ளர் நிறைய இரண்டுமே இருக்கிறது, ஆனால் ஒன்று வெளிறிக் கிடக்கிறது பாருங்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல உதாரணம் என்று எனக்கும் தோன்றியது. மறுவாரம் வீடு வீடாகப் போனபோது ஒரு பாட்டி, "நீ சொன்னதுலேருந்து காப்பியைத் திக்கா குடிக்கிறேன் கண்ணு, ரத்தம் ஊறும்னு சொன்னியே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுப்பதில் காப்பியும் டீயும்தான் முன்னால் நிற்கின்றன. அதையே மருந்துபோலக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த முகாமில் டம்ளரை விட்டுவிட்டுப் பழம் பறிக்கும் கூடையை எடுத்தேன். ரத்தத்தில் சிவப்பணுக்கள்தான் கூலியாட்கள். மூச்சில் வரும் காற்றைக் கூடையில் அள்ளி உடம்பு முழுக்கக் கொண்டுபோய்க் கொட்டுவது அவர்கள் வேலை. கூடை முடைய மூங்கில் வேண்டும், அந்த மூங்கில்தான் இரும்புச் சத்து. மூங்கில் பற்றாவிட்டால் கூடை சின்னதாகிவிடும். ஆள் வந்தும் சுமை வந்து சேராது. அதனால்தான் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, படபடக்கிறது. இது ஒட்டிக்கொண்டது. ஒருத்தரும் மாற்றிப் புரிந்துகொள்ளவில்லை.

சரி, இனி அந்த ஒரு கேஸ். முப்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகள். முதல் முகாமில் ஹீமோகுளோபின் 8.2 இருந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். மருத்துவர் இரும்புச் சத்துக்கான சிவப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 8.4. "மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பாள்" என்றார் கூட வந்தவர். அவளோ காலி அட்டைகளைச் சேர்த்து வைத்திருந்து எடுத்துக் காட்டினாள். ஒன்று விடாமல் சாப்பிட்டிருக்கிறாள். எப்போது சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். விடிகாலையில், வேலைக்குப் போகுமுன், வரக்காப்பியோடு. அந்தக் குளிரில் யார் பச்சைத் தண்ணீர் குடிப்பார்கள்? நாங்கள் "தினமும் சாப்பிடு" என்று சொன்னோம், எதோடு சாப்பிடக் கூடாது என்று சொல்லவில்லை.

இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகுமுன் சுடுதண்ணீரோடு போடச் சொன்னேன். எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கூட ஒரு துண்டு. காலைக் காப்பியை நான் தொடவில்லை, அதை நிறுத்தச் சொன்னால் மாத்திரையைத்தான் நிறுத்துவார்கள். அன்றைக்கே மருத்துவர் பூச்சி மாத்திரையும் கொடுத்தார். ஈரமான, நிழலான தோட்ட மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியாக ஏறிக் குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். ஒரு மாதத்தில் 9.7, அடுத்த மாதம் 10.6. ஏறியது காப்பியைத் தள்ளி வைத்ததாலா, புழு போனதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே நாளில் செய்தோம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

மலையடிவாரப் பள்ளியில் இருபது வருடம் இருந்தேன். வாரம் ஒரு நீல மாத்திரை பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பல பெற்றோர் நிறுத்தச் சொல்வார்கள். மாத்திரையில் சேராத இரும்புதான் அப்படி வெளியேறுகிறது என்று சொன்ன பிறகு பயம் போனது. ஆனால் மாத்திரை எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும். பீட்ரூட் சிவப்பு, மாதுளை சிவப்பு, முருங்கைக்கீரையில் இரும்பு கொட்டிக் கிடக்கிறது. இவற்றைத் தினமும் தின்றால் போதாதா?

மலைச்செவிலி

ஐயா, மலத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. பீட்ரூட்டின் நிறம் வேறு, ரத்தத்தின் நிறம் வேறு. அதில் இருக்கும் இரும்பு கொஞ்சம்தான். முருங்கையில் நிறைய இருக்கிறது, ஆனால் கீரையின் இரும்பு உடம்பில் சேர்வது கொஞ்சமே. நம் கஞ்சமலை முழுக்க இரும்புக் கல் இருக்கிறது, அந்தக் கல்லை அப்படியே எடுத்து அரிவாள் அடிக்க முடியுமா? கீரையோடு எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் கூடும். ஈரல், சுவரொட்டி சாப்பிடுகிறவர்களுக்கு அதிலிருப்பது சுலபமாகச் சேரும். 11-ல் இருப்பவர் 11-லேயே நிற்கச் சாப்பாடு உதவும். 8-லிருந்து 12-க்கு வர மாத்திரை வேண்டும். 12 வந்த பிறகும் மருத்துவர்கள் மூன்று மாதம் தொடரச் சொல்வது, தீர்ந்துபோன இருப்பை நிரப்பத்தான்.

நாகலூர் மருமகள்

என் மாமியார் அரிசி கழுவும்போது ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வார். கோவிலில் திருநீறு வாங்கினால் பாதி நெற்றிக்கு, பாதி நாக்குக்கு. வீட்டில் எல்லோரும் பழக்கம் என்று விட்டுவிட்டோம். இது மாதிரி ஒரு பேச்சில்தான் அது ரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம் என்று கேட்டேன். கூட்டிப் போய்ப் பார்த்தால் 7.6. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரத்தில் அரிசி ஆசை தானாகப் போய்விட்டது. கண் இமையைக் கீழே இழுத்து உள்நிறம் பார்க்க நானும் கற்றுக்கொண்டேன்.

கொலுசுப் பட்டறை, சேலம்

எனக்கும் இதே கதைதாங்க. லோ பிரஷர். உட்கார்ந்து எழுந்தால் கிறுகிறுக்குது. போன வாரம் ஒரு முகாமில் ரத்தம் 9.8 என்று எழுதிக் கொடுத்தார்கள். வயசு 56. முட்டி வலிக்கு மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி ஒரு வருசமா தினமும் போடுறேன், அது இல்லாமல் பட்டறையில் உட்கார முடியாது. பிரஷர் ஏற உப்பு கூடப் போட்டுக்கிறேன். பொம்பளைங்க சாப்பிடும் அந்தச் சிவப்பு மாத்திரையை நானும் வாங்கிச் சாப்பிடலாமுங்களா?

மலைச்செவிலி

அண்ணா, பிரஷர் குறைவது வேறு, ரத்தசோகை வேறு. 9.8 என்பது பிரஷர் கணக்கு இல்லை. உப்பைக் கூட்டாதீர்கள். இப்போது முக்கியமானது இதுதான்: பெண்களுக்கு மாதவிலக்கில் ரத்தம் போகிறது. ஆணுக்கு 13 இருக்க வேண்டிய இடத்தில் 9.8 என்றால், எங்கிருந்தோ ரத்தம் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் இரைப்பையில் புண் வந்து, வலியே தெரியாமல் சொட்டுச் சொட்டாகப் போகலாம். மலம் தார்போலக் கறுப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட வாடையோடு போகிறதா? அப்படியானால் இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள், அந்த வலி மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள். இரும்பு மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அதுவும் மலத்தைக் கறுப்பாக்கும், எது எது என்று குழம்பிவிடும். உள்ளே கசிவது மறைந்தும் போகலாம்.

கொலுசுப் பட்டறை, சேலம்

கறுப்பாப் போறதுதாங்க. வெற்றிலை பாக்கால என்று நினைத்தேன். காலையில் போறேன்.

மலைச்செவிலி

காலை வரை வேண்டாம் அண்ணா. வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு இப்போதே கிளம்புங்கள். இன்றைக்கு வலி மாத்திரை போட வேண்டாம்.

ஆய்வக மேசை

அண்ணனுக்குச் சொன்னதுதான் சரி. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். மலைச்செவிலி அக்கா, இரண்டு விஷயம்.

8.2, 8.4 இரண்டையும் விரல் நுனியில் குத்திப் பார்த்தீர்களா? மலையில் காலைக் குளிருக்குக் கை சில்லிட்டு ரத்தம் வராது, நாம் விரலைப் பிழிவோம். பிழிந்தால் திசு நீரும் கலந்து எண் குறைவாகக் காட்டும். கையைச் சூடாகத் தேய்த்துவிட்டு, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக வரும் சொட்டை எடுக்க வேண்டும். 0.2 வித்தியாசத்தை நான் ஏற்றமாகவே எடுக்க மாட்டேன். 10.6 வந்தது உண்மையான ஏற்றம்தான்.

இன்னொன்று, உங்கள் கூடைக் கதையில் ஒரு ஆளை விட்டுவிட்டீர்கள். மூங்கில் நிறைய இருந்தும் சின்னக் கூடையாகவே முடைகிறவர் இருக்கிறார், பிறப்பிலேயே அப்படி. தலசீமியா மரபை ஒரு பக்கத்தில் மட்டும் வாங்கியவர்கள் அவர்கள். நோயாளிகள் இல்லை, நன்றாகவே இருப்பார்கள். சிவப்பணு சின்னதாக இருக்கும், எண்ணிக்கை மட்டும் வழக்கத்தைவிடக் கூட இருக்கும். அவர்களுக்கு வருடக்கணக்கில் இரும்பு கொடுத்தாலும் பெரும்பாலும் 12 வராது. மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டும் ஏறாதவர் யாராவது உங்கள் பட்டியலில் இருக்கிறார்களா?

மலைச்செவிலி

இருக்கிறாள். நான் சொன்ன அந்தப் பெண்ணின் நாத்தனார். அதே இரவு மாத்திரை, அதே பூச்சி மாத்திரை. மூன்று மாதமாக 9.9, 10, 9.9. ஏமாற்றுகிறாள் என்று எங்கள் கூட்டத்திலேயே பேசினோம். அவள் மகளுக்குத் தாய்மாமன் மகனோடு தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறார்கள்.

ஆய்வக மேசை

அப்படியானால் முழு ரத்த எண்ணிக்கையோடு ஹீமோகுளோபின் வகை பிரிக்கும் பரிசோதனையும் எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு சிக்கல், இரும்புக் குறைவும் சேர்ந்திருந்தால் அந்தப் பரிசோதனையில் மரபு ஒளிந்துகொள்ளலாம். மூன்று மாதம் இரும்பு சாப்பிட்டவள் என்பதால் இப்போது எடுப்பது நல்ல நேரம்தான். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இரண்டு பேருக்குமே அது இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தை வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நிலையில் பிறக்கலாம். ஒருவருக்கு மட்டும் இருந்தால் அந்தப் பயம் இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்

கல்யாணம் பேசி முடித்த வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வீர்கள்? நின்றுவிட்டால் பழி உங்கள் மேல் வரும்.

மலைச்செவிலி

எப்படிச் சொல்வது என்று எனக்கும் இன்னும் பிடிபடவில்லை ஐயா. முதலில் அம்மாவுக்கு மட்டும் எடுக்கிறோம். புதன்கிழமை வண்டியில் கீழே கூட்டிப் போகிறேன். அவளிடம் இதுவரை, "மாத்திரையை நீ ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறாய், நாங்கள்தான் தப்பாக நினைத்துவிட்டோம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டதும் அழுதுவிட்டாள்.

கொலுசுப் பட்டறை, சேலம்

அவர் மகள் எழுதுகிறேன். அப்பாவை ராத்திரியே சேர்த்துவிட்டோம். நாளைக்குக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். அந்த வலி மாத்திரை அட்டையை டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டார்.