மகளுக்கு இலவச ரயில் பாஸ், மகனுக்கு அரைக் கட்டணமா?

கல்லிடைத் தகப்பன்: என் மகள் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டும் மகன் பி.காம். முதலாண்டும் திருநெல்வேலியில் ஒரே தனியார் கல்லூரியில் படிக்கிறார்கள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ரயிலில் போய்வர இருவருக்கும் ஒரே நாளில் கல்லூரிச் சான்றுப் படிவம் வாங்கிக் கொடுத்தேன். மகளுக்குக் கட்டணமே இல்லை, மகனிடம் அரைக் கட்டணம் வாங்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அவனுக்கும் இலவசம்தான். எழுத்தர் தவறிவிட்டாரா?

பேட்டைக்காரன்: தவறுதான் அண்ணாச்சி. மாணவர் என்றால் எல்லாருக்கும் ஒரே விதிதான் இருக்க வேண்டும். நிலைய மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற முன்பதிவு எழுத்தர்: புகார் கொடுத்தால் வீண் அலைச்சல்தான் மிஞ்சும். வீட்டிலிருந்து படிக்கும் இடத்துக்குப் போய்வரும் இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டு, மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு முடியும் வரையிலும் மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் இலவசம். அதற்கு மேல் படிப்பவர்களுக்குச் சாதாரண மாதச் சீட்டில் பாதிக் கட்டணம். எனவே இரண்டு சீட்டுகளுமே சரியாகத்தான் வழங்கப்பட்டிருக்கின்றன. உங்கள் மகள் எம்.எஸ்சி. சேர்ந்தால் அவரும் அரைக் கட்டணத்துக்கு வந்துவிடுவார். அப்போது படிவத்தில் வகுப்பை மாற்றி எழுதாமல் பழையபடியே கல்லூரியில் கொடுத்துவிட்டால்தான் சிக்கல்.

அம்பைப் பயணி: பெண்களுக்குத்தான் பேருந்தே இலவசமாயிற்றே, ரயில் பாஸுக்கு எதற்காக இவ்வளவு பாடு?

ஓய்வுபெற்ற முன்பதிவு எழுத்தர்: அது 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும் உள்ள ஏற்பாடு. சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டை போக அது உதவும், கல்லிடையிலிருந்து வருகிற புறநகர்ப் பேருந்தில் செல்லாது. பேருந்து பாஸிலும் ஒரு வேறுபாடு உண்டு. அரசுக் கல்லூரியில் படித்திருந்தால் இருவருக்கும் இலவசமாகவே கிடைத்திருக்கும். தனியார் கல்லூரி என்பதால் பாதிக் கட்டணச் சலுகைதான்.

கல்லிடைத் தகப்பன்: விதி புரிந்தது, மகிழ்ச்சி. ஆனால் ஒவ்வொரு முறையும் முதல்வரின் கையெழுத்துக்காக நிற்க வேண்டியிருக்கிறதே. முதல்வர் விடுப்பில் இருந்த வாரத்தில் மகன் முழுக் கட்டணம் கொடுத்துத்தான் போய்வந்தான். பேருந்து பாஸுக்குக் கல்லூரி ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பங்களைத் திரட்டிப் போக்குவரத்துக் கழகத்துக்கு அனுப்பிவிடுகிறது. ரயிலுக்கும் அப்படியே ஆண்டுப் பட்டியல் போதாதா?

ஓர் அலுவலகப் பணியாளர் (கல்லூரி): போதாது என்பது என் கருத்து. ஜூலையில் சேர்ந்து தீபாவளிக்குள் நின்றுவிடுகிறவர்களை நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஆண்டுப் பட்டியலை மட்டும் நம்பினால் அவர்களும் மே மாதம் வரை சலுகையில் பயணம் செய்வார்கள். கவுண்டரில் இருப்பவருக்கு மாணவரைத் தெரியாது, எங்கள் முத்திரையைத்தான் நம்புகிறார். மேலும் இந்தச் சான்றுப் புத்தகத்தை ரயில்வேயிடம் விண்ணப்பித்தே வாங்குகிறோம், எந்தத் தாளிலும் நகலெடுத்துக் கொடுக்க முடியாது. புத்தகம் தீர்ந்த பிறகு விண்ணப்பிக்கும் கல்லூரிகளில்தான் மாணவர்கள் காத்திருக்க நேர்கிறது, அது எங்கள் குறைதான்.

பேட்டைக்காரன்: நின்றுவிட்டவர் பத்துப் பேர் என்றால் படிக்கிறவர் நூற்றுக்கணக்கானோர். பத்துப் பேருக்காக எல்லாரையும் அலைக்கழிப்பது நியாயமா? நின்றவர்களின் பெயரைக் கல்லூரியே எழுதி அனுப்பட்டும்.

அலுவலகப் பணியாளர்: அனுப்பலாம், ஆனால் அந்தப் பெயர் கல்லிடைக் கவுண்டருக்கு எப்போது போய்ச் சேரும்?

ஓய்வுபெற்ற முன்பதிவு எழுத்தர்: அந்த வாதத்தை நீங்கள் இருவரும் தொடருங்கள். மகனின் அலைச்சலைக் குறைக்க ஒரு வழி இப்போதே உண்டு. அவர் காலாண்டுச் சீட்டு எடுக்கலாம், அதற்கும் மாணவருக்குப் பாதிக் கட்டணமே. காலாண்டுச் சீட்டின் விலை மாதச் சீட்டைப் போல 2.7 மடங்கு. மாதச் சீட்டு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதம் தனித்தனியாக எடுக்கும் மாணவர் 150 கொடுப்பார், காலாண்டாக எடுத்தால் 135. பணம் சிறிதுதான், கையெழுத்து மூன்றிலிருந்து ஒன்றாகிறதே! மகளுக்குரிய இலவசம் மாதச் சீட்டுக்கு மட்டும் என்பதால் அவருக்கு இது பொருந்தாது.

இன்னொன்றையும் பாருங்கள். படிவத்தில் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தையும் கல்லூரிக்கு அருகிலுள்ள நிலையத்தையும் கேட்பார்கள். பாளையங்கோட்டை நிலையம் திருச்செந்தூர்ப் பாதையில் இருக்கிறது. செங்கோட்டைப் பாதையில் வருகிறவர் திருநெல்வேலி சந்திப்பில் இறங்குவார். ஊர்ப் பெயரைப் பார்த்துப் பாளையங்கோட்டை என்று எழுதிவிட்டுப் பின்னர் அடித்துத் திருத்தினால், திருத்திய இடத்தில் முதல்வர் ஒப்பமிடாத படிவத்தைக் கவுண்டரில் திருப்பிவிடுவார்கள்.

கல்லிடைத் தகப்பன்: எங்கள் கல்லூரி பாளையங்கோட்டை எல்லைக்குள்தான் இருக்கிறது. அப்படியானால் அருகிலுள்ள நிலையம் எது என்பதை யார் முடிவு செய்வது?

அலுவலகப் பணியாளர்: நாங்கள் சந்திப்பு என்றே எழுதிக் கொடுக்கிறோம், இதுவரை எவரும் திருப்பவில்லை.

பேட்டைக்காரன்: என் தம்பிக்குத் திருப்பினார்கள்.