போனில் முதலில் பேசுவது யார்?

மீனா_திருச்சி: நேரில் பார்த்தால் "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று பேச்சு தானாகத் தொடங்கிவிடுகிறது. போனில் மட்டும் ஏன் "ஹலோ", "யாரு?", "நான்தான்" என்று ஒரு சுற்று?

கரிசல்காரன்: முகம் தெரியாது, அவ்வளவுதான். இப்போது திரையிலேயே பெயர் வந்துவிடுகிறது, "சொல்லு மச்சான்" என்றுதான் எடுக்கிறோம். அந்தச் சுற்றெல்லாம் லேண்ட்லைனோடு போச்சு.

வித்யா: பாதி சரி. "யாரு?" போய்விட்டது. ஆனால் "சொல்லு மச்சான்" என்பது யார்? போனை எடுத்தவர். விஷயம் இருப்பது கூப்பிட்டவரிடம், முதலில் வாயைத் திறப்பதோ எடுத்தவர். பெயர் தெரிந்தும் இது மாறவில்லையே!

இமானுவேல் ஷெக்லாஃப் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் போலீசுக்கு வந்த, அங்கிருந்து போன சுமார் 500 அழைப்புகளின் பதிவுகளை ஆராய்ந்து 1968இல் எழுதினார். எடுத்தவரே முதலில் பேசுகிறார் என்ற விதிக்கு ஒரே ஒரு அழைப்பு ஒத்துவரவில்லை. அதில் கூப்பிட்டவர் போலீஸ்காரர். செஞ்சிலுவைச் சங்கத்தில் போனை எடுத்தவர் பேசாமல் இருந்தார். ஒரு விநாடி போனதும் கூப்பிட்டவரே "ஹலோ" என்றார். விதிவிலக்கு என்று அதைத் தள்ளிவிடாமல், அதற்கும் பொருந்தும் விளக்கத்தை ஷெக்லாஃப் தேடினார். மணி அடிப்பதுதான் முதல் கூப்பாடு, எடுத்தவரின் ஹலோ அதற்குப் பதில். பதில் வராததால் கூப்பிட்டவர் இன்னொரு முறை கூப்பிட்டிருக்கிறார். அந்த ஹலோ வணக்கமே இல்லை, தெருவில் "அண்ணே!" என்று குரல் கொடுப்பது மாதிரி.

சேகர்70: எனக்குத் தினமும் லோன் வேண்டுமா என்று போன் வருகிறது. நான் ஹலோ, ஹலோ என்று கத்துகிறேன், அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இதற்கு எங்கே புகார் கொடுப்பது?

வித்யா: புகார் வேறு கதை சார். ஆனால் உதாரணம் நல்லது. பல இடங்களில் இயந்திரம்தான் எண்களைப் போடுகிறது. நீங்கள் எடுத்த பிறகே ஆளை இணைப்பதால் உங்கள் முதல் ஹலோவைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அந்த இடைவெளியிலேயே இது தெரிந்த ஆள் இல்லை என்று பிடிபட்டுவிடும்.

நேரில் இந்த வேலையெல்லாம் பேச்சுக்கு முன்பே முடிந்துவிடும். ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் ஒரு பிறந்தநாள் விருந்தைப் படமெடுத்துப் பார்த்தார். தூரத்தில் கண்டதும் கையசைப்பு, நெருங்கி வரும்போது பார்வையைக் கொஞ்சம் விலக்குவது, பக்கத்தில் வந்ததும் மறுபடி முகம் பார்த்துச் சிரிப்பு. வாய் கடைசியில்தான்.

கரிசல்காரன்: சரி, மணியை ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் "எங்க இருக்கே?" அது என்ன? செல்போனுக்கு முன்பு யாரும் கேட்டதில்லை. இப்போது அதுதான் வணக்கம்.

வித்யா: வணக்கம் இல்லை. பைக் ஓட்டுகிறாரா, மீட்டிங்கில் இருக்கிறாரா, பேசலாமா என்று பார்ப்பது. நேரில் அது கண்ணுக்கே தெரியும்.

மீனா_திருச்சி: என் அம்மா தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்பார். நான் ஹாஸ்டலில்தான் இருப்பேன் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

கரிசல்காரன்: பார்த்தீர்களா!

வித்யா: ஒருநாள் "வெளியே இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள் மீனா. அது வெறும் வணக்கமா என்று தெரிந்துவிடும்.