புதுப்பிப்பு: சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டது

முன்பு கேட்டிருந்தது: "எனக்கு 90 நாள் நோட்டீஸ். பெங்களூரு நிறுவனம் 60 நாளில் சேரச் சொல்கிறது. அவகாசம் எப்படிக் கேட்பது?"

மீதமுள்ள விடுப்பை நோட்டீஸில் கழித்துக்கொள்ளலாம் என்று இங்கே ஒரு நண்பர் எழுதியிருந்தார்; மேலாளர் சம்மதித்தால்தான் அது நடக்கும், என் மேலாளர் சம்மதிக்கவில்லை. இன்னொருவர் தம் துபாய் விசா தாமதத்தை விரிவாக எழுதியிருந்தார். அது வேறு சிக்கல். உண்மையில் கைகொடுத்தது, மனிதவளத் துறையில் பணியாற்றும் அக்கா சொன்ன வழிதான். "அவகாசம் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், ராஜினாமா ஏற்கப்பட்ட மின்னஞ்சலை இணைத்து, அதிலுள்ள கடைசி வேலை நாளையும், வீடு மாற ஒரு வாரம் சேர்த்து நான் சேரக்கூடிய தேதியையும் எழுதினேன்.

தொலைபேசியில் உடனே சரி என்றார்கள். ஆனால் குறித்த தேதிக்குள் சேராவிட்டால் பணி வாய்ப்பு ரத்தாகும் என்று என் ஆஃபர் கடிதத்தில் இருந்ததால், புதிய தேதியிட்ட கடிதத்தைக் கேட்டு வாங்கினேன். இரண்டு வேலைகளின் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வருங்கால வைப்பு நிதிப் பதிவில் அது தெரியும், பின்னணிச் சரிபார்ப்பில் கேள்வி வரும் என்றும் அக்கா எச்சரித்திருந்தார். வீடு மாற்றும் செலவைத் தருவார்களா என்பதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.