ஒற்றைப் பொத்தான் தொலைக்காட்சி: ரிமோட் இல்லாமல் ரீசெட் செய்யலாமா?

வணக்கம் உறவுகளே. களுவாஞ்சிகுடியில் இருக்கும் அம்மம்மாவின் ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிக்கு உங்கள் உதவி தேவை. ரிமோட் பழுதாகிவிட்டது. அதன் முனையைக் கைபேசிக் கமராவுக்கு நேரே பிடித்து அழுத்தினால் தெரிய வேண்டிய மங்கலான ஒளி, புது பற்றரி போட்டும் தெரியவில்லை.

திரையின் கீழ் விளிம்பில், நிறுவனச் சின்னத்துக்கு அடியில், ஒரேயொரு பொத்தான் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒருமுறை அழுத்தினால் சிறிய பட்டியல் வருகிறது. தொட்டுத் தொட்டு அழுத்தினால் தெரிவு நகர்கிறது. இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் அது தேர்வாகிறது. இப்படித்தான் HDMI 1 இலிருந்து AV க்கு மாற்றி டிஷ் பெட்டியின் படத்தை வரவழைத்தோம்.

ஆனால் மின்சாரம் போய் வந்தால் மீண்டும் முகப்புத் திரைதான். தனியாக இருப்பவரால் குனிந்து பொத்தானைத் தேட முடியாது. பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டு மாட்டினாலும் மாற்றமில்லை. பிளக்கை மாட்டும்போது அந்தப் பொத்தானையே விடாமல் அழுத்தினால் ரீசெட் ஆகும் என்கிறார்கள். பிறகு வரும் மொழி, இணைய அமைப்புத் திரைகளைத் தாண்ட ரிமோட் கேட்டால் இப்போது தெரியும் படமும் போய்விடும் என்பதே என் பயம்.

யுஎஸ்பி மவுஸ் செருகி, கடைசியாகப் பார்த்த இணைப்பிலேயே தொடங்கும்படி அமைத்தவர்கள் உண்டா? அந்தத் தெரிவு எந்தப் பகுதியில் இருக்கிறது? ரீசெட்டுக்குப் பின்னும் மவுஸ் வேலை செய்ததா?