டர்பன் காலைச் சந்தை: தள்ளுவண்டிக்காரர்களை எந்த வகையில் சேர்ப்பது?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வார்விக் சந்திப்பில் உள்ள காலைச் சந்தையை வைத்து ஒரு பயிற்சி வகுப்பு தயாரிக்கிறோம். ஓரிடத்தில் உங்கள் கருத்து தேவை.

1910 முதல் நடக்கும் அந்தச் சந்தையை இடித்து வணிக வளாகம் கட்டும் திட்டத்தை 2009-இல் நகராட்சி முன்வைத்தது. வியாபாரிகள் நீதிமன்றம் போனார்கள். 2011-இல் திட்டம் கைவிடப்பட்டது. இதில் யாருக்கு அதிகாரம், நியாயமான உரிமை, அவசரம் இருந்தது என்று பார்த்து, ஒவ்வொரு தரப்பையும் வகைப்படுத்தி அட்டவணை போடுகிறோம்.

அவசரத்தைக் கூச்சலை வைத்து அளக்கக் கூடாது. தாமதித்தால் தாங்க முடியாத இழப்பா, அந்த இழப்பு அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்ற இரண்டும் சேர வேண்டும். மலிவாகக் காய்கறி வாங்கும் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வேறு கடைக்குப் போக முடிந்தவரை அவசரம் குறைவு. கடைக்காரர்களுக்கு முதலில் உரிமையும் அவசரமும் மட்டுமே இருந்தன, அதாவது பிறரைச் சார்ந்த நிலை. சட்ட உதவி கிடைத்ததும் அதிகாரமும் சேர்ந்து முதலிடத்துக்கு வந்தார்கள். அதனால்தான் ஒரே அட்டவணை போதாது. வழக்குக்கு முன், பின் என இரண்டு போடுகிறோம்.

சிக்கல், சந்தையில் சரக்கு ஏற்றி இழுக்கும் தள்ளுவண்டிக்காரர்களிடம். அன்றன்றைய கூலிதான், ஆக அவசரம் உச்சம். கடை உரிமம் அவர்கள் பெயரில் இல்லை என்று வைத்துக்கொண்டால், நீண்டகால உழைப்பையே நியாயமான உரிமையாகக் கொள்ளலாமா? கடைக்காரர்களின் வழக்கால் வந்த பலத்தை இவர்களுடைய அதிகாரமாக எண்ணலாமா? கடைக்காரர்கள் தனியாகச் சமரசம் செய்தால் அது போய்விடுமே! களத்தில் வேலை செய்தவர்கள் எப்படி வகைப்படுத்தினீர்கள்?