ABC முக்கோணத்துக்கு நேர்ந்தது சுழற்சியா, பிரதிபலிப்பா?

திருச்சி அப்பா:
எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் தேர்வுத்தாளில் வந்த கேள்வி இது. கட்டத்தாளில் A(1,1), B(4,1), C(1,3) என்று ஒரு முக்கோணம். அது A'(5,5), B'(5,2), C'(7,5) என்ற இடத்துக்குப் போயிருக்கிறது. "இந்த மாற்றத்தை ஒரே நகர்வாக முழுமையாக விவரி" என்று கேட்டிருந்தார்கள். "கடிகாரத் திசையில் 90° சுழற்றி, 4 கட்டம் வலப்புறமும் 4 கட்டம் மேலேயும் நகர்த்த வேண்டும்" என்று மகள் எழுதினாள். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. முக்கோணம் சரியான இடத்தில் போய் உட்காருகிறதே, இதில் என்ன தவறு?

வரைகோல்:
மையம் எங்கே? சுழற்சி என்று எழுதினால் மையம், கோணம், திசை மூன்றும் வேண்டும். உங்கள் மகள் மையத்தை விட்டுவிட்டார். A-யைக் குண்டூசியால் குத்திச் சுழற்றினால், அவர் சொன்ன 4 வலம், 4 மேல் சரியாக வரும். B-யைக் குத்திச் சுழற்றினால் A முதலில் (4,4)-க்குப் போகும். அதற்கு மேல் 4 வலம், 4 மேல் நகர்த்தினால் (8,8)-இல் போய் நிற்கும். B மையமானால் தேவைப்படும் நகர்வு 1 வலம், 1 மேல் மட்டுமே. ஒரே வாக்கியம் இரண்டு இடங்களைக் காட்டுகிறது என்றால் அதை முழுமையான விவரிப்பு என்று எப்படிச் சொல்வது?

திருச்சி அப்பா:
A-தான் மையம் என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். பெயர் வரிசையில் முதல் எழுத்து அதுதானே. குழந்தையின் மனதில் இருந்ததைப் புரிந்துகொள்ள ஆசிரியருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வரைகோல்:
மனதில் இருந்ததற்கு மதிப்பெண் கிடையாது ஐயா, தாளில் இருப்பதற்குத்தான். அதோடு, கேட்டது ஒரே நகர்வு. சுழற்றிவிட்டு நகர்த்துவது இரண்டு. மையம் எங்கே?

சதுரங்கன்:
வரைகோல் வழக்கம்போல மிரட்டுகிறார். மையத்தை நானே தேடிப் பார்த்தேன். A-யையும் A'-ஐயும் இணைத்து அந்தக் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு வரைந்தேன். B-க்கும் B'-க்கும் அப்படியே வரைந்தேன். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் மையம் என்பது எல்லாருக்கும் தெரிந்த முறை. ஆனால் இங்கே இரண்டும் ஒரே கோடாக விழுகின்றன, x + y = 6. வெட்டும் புள்ளி என்று தனியாக ஒன்று இல்லை. ஆகவே மையமே கிடையாது. இது சுழற்சி அல்ல, அந்தக் கோட்டில் பிரதிபலிப்பு. A(1,1) அந்தக் கண்ணாடியில் (5,5) ஆகிறது, B(4,1) சரியாக (5,2) ஆகிறது. கேள்விக்கு உரிய பதில் "x + y = 6 கோட்டில் பிரதிபலிப்பு". சிறுமியின் பதிலும் தவறு, வரைகோலின் மிரட்டலும் தவறு.

வரைகோல்:
C எங்கே போனது? அதே கண்ணாடியில் C(1,3)-ஐ வைத்துப் பாருங்கள், (3,5)-இல் விழும். கேள்வியில் இருப்பது (7,5). இரண்டு புள்ளிகளைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

இரண்டு கோடுகளும் ஒன்றாக விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. A, B, மையம் ஆகிய மூன்றும் y = 1 என்ற ஒரே கோட்டில் இருக்கின்றன. அப்படி அமையும்போது A-யும் B-யும் சேர்ந்து மையத்தைக் காட்டிக் கொடுக்க முடியாது, மூன்றாவது புள்ளிதான் காட்ட வேண்டும். C-யையும் C'-ஐயும் இணையுங்கள். நடுப்புள்ளி (4,4). மையக்குத்துக்கோடு y = 16 − 3x. அது x + y = 6 கோட்டை (5,1)-இல் வெட்டுகிறது. அதுதான் மையம்.

சமன்பாடு வேண்டாம் என்பவர்கள் கட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். (5,1)-இலிருந்து C இடப்பக்கம் 4, மேலே 2. கடிகாரத் திசையில் கால்வட்டம் திருப்பினால் இடப்பக்கம் என்பது மேலாகும், மேல் என்பது வலமாகும். ஆக மேலே 4, வலப்பக்கம் 2, அது (7,5). A இடப்பக்கம் 4 இருந்தது, மேலே 4 ஆகி (5,5). B இடப்பக்கம் 1 இருந்தது, மேலே 1 ஆகி (5,2). முழு விடை ஒரே வரி: (5,1)-ஐ மையமாகக் கொண்டு கடிகாரத் திசையில் 90° சுழற்சி.

நெல்லை மாணவன்:
90° கடிகாரத் திசை என்றால் (x, y) என்பது (y, −x) ஆகும் என்று எங்கள் டியூஷனில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதில் போட்டால் A (1,−1) என்று வருகிறது. ஆகவே வரைகோல் சொல்வதும் பொருந்தவில்லை.

வரைகோல்:
தம்பி, அந்த வாய்பாடு ஆதிப்புள்ளியை மையமாக வைக்கும்போது மட்டும் செல்லும். மறுபடியும் அதே கேள்வி: மையம் எங்கே?

நெல்லை மாணவன்:
அப்படியானால் இதை எதிர்த்திசையில் 270° என்றும் எழுதலாமே? எங்கள் சார் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

வரைகோல்:
எழுதலாம். (5,1)-இல் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகும். உங்கள் சார் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது அவர் குறை.

திருச்சி அப்பா:
பார்த்தீர்களா, இப்போது வேறொரு ஆசிரியரையும் குறை சொல்கிறார். பின்னங்களைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் எல்லாரையும் விரட்டினார்.

தையல் மீனா:
நான் ரவிக்கை வெட்டுகிறவள். கட்டம் போட்ட தாளில்தான் கை வரைவேன். முன்பக்க வளைவு அதிகம், பின்பக்க வளைவு குறைவு, அதனால் இடது கையும் வலது கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். என்னிடம் வேலை பழகிய பெண் பட்டுத் துணியை ஒற்றையாக விரித்து, தாளைத் திருப்பிப் போடாமல் தலைகீழாகச் சுற்றி வைத்து இரண்டாவது கையை வெட்டிவிட்டாள். இரண்டும் இடது கை. எப்படிச் சுற்றினாலும் அது வலது கை ஆகவில்லை. பட்டுக்கு நல்ல பக்கம் என்று ஒன்று இருக்கிறது, துணியைப் புரட்டிப் போட்டும் பயன் இல்லை. அதற்காகத்தான் துணியை மடித்து வெட்டுகிறோம். ஆகவே பிரதிபலிப்பு வேறு, சுழற்சி வேறு. சதுரங்கன் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது, அவர்தான் கண்ணாடியைப் பற்றிப் பேசுகிறார்.

வரைகோல்:
அம்மா, உங்கள் அனுபவம் என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. A, B, C என்று விரலால் சுற்றி வாருங்கள், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகும். A', B', C' என்று சுற்றுங்கள், அதுவும் எதிர்த்திசையில்தான் போகும். பிரதிபலித்திருந்தால் சுற்று மாறியிருக்கும், உங்கள் வலது கை இடது கை ஆவதுபோல. இங்கே மாறவில்லை. டிரேசிங் பேப்பரில் ABC-யைப் படியெடுத்து (5,1)-இல் பேனா முனையை அழுத்திக் கால்வட்டம் திருப்புங்கள். தாளைப் புரட்டாமலேயே போய்ப் பொருந்தும்.

சதுரங்கன்:
A-யும் B-யும் x + y = 6 கோட்டில் பிரதிபலிக்கின்றன என்பதை நீங்கள் மறுக்கவே இல்லை. மூன்றில் இரண்டு பொருந்துகிறது. C' அச்சுப் பிழையாக இருக்கும். (3,5) என்று இருந்திருக்க வேண்டும்.

வரைகோல்:
A', B', C' மூன்றும் சேர்ந்துதான் கேள்வி. பொருந்தாத புள்ளியை அச்சுப் பிழை என்று தள்ளிவிட்டால் எந்த உருவத்தையும் எந்த நகர்வுக்குள்ளும் அடக்கிவிடலாம்.

திருச்சி அப்பா:
நாளை பள்ளிக்குப் போய் முழு மதிப்பெண் கேட்கப் போகிறேன். (5,1) என்ற புள்ளி முக்கோணத்துக்கு வெளியே, வெறும் கட்டத்தில் கிடக்கிறது. அதைப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது அநியாயம்.

வரைகோல்:
மையம் உருவத்துக்குள் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? போகும்போது அந்த டிரேசிங் பேப்பரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சதுரங்கன்:
என்னுடைய இரண்டு புள்ளிகளுக்கு இன்னும் பதில் வரவில்லை.

வரைகோல்:
C' (3,5) என்று அச்சாகியிருந்தால் நானும் பிரதிபலிப்பு என்றே எழுதியிருப்பேன். அச்சாகியிருப்பது (7,5).