புதுப்பிப்பு: உடைந்த நாலு நாற்காலி, டெபாசிட் யாருக்கு?

முதலில் கேட்டது: "சுங்கை சிப்புட்டில் காதுகுத்துக்கு எடுத்த 60 நாற்காலியில் 4 உடைஞ்சு போச்சு. டெபாசிட்டில் பிடிக்கிறாங்களே, நியாயமா?"

முன்னாடி வாடகைக் கடை வைத்திருந்த அண்ணன் சொன்னபடி, உடைந்த ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தாச்சு. மூன்றில் விரிசலுக்குள்ளேயே அழுக்கு கறுத்துக் கிடந்தது. அப்படியென்றால் லாரியில் ஏற்றும் முன்பே கீறல் இருந்திருக்கு. இருக்கையை விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டியது. வெயில் தின்ற பிளாஸ்டிக். கடையில் அடுக்குகள் தகரக் கூரையின் திறந்த பக்கத்தில்தான் நிற்கின்றன, பின்னேர வெயில் நேராக விழும்.

"அப்போ எல்லாமே கடைக்காரர் தலையில்" என்று ஒரு தம்பி எழுதினார். பாதிதான் சரி. நாலாவதன் முறிவு சுத்தமாக இருந்தது, கால் சேரும் இடத்தில் வளைந்து வெளுத்திருந்தது. புல்தரையில் யாரோ பின்னங்காலில் சாய்ந்து ஆடியிருக்கணும்.

பந்தல் துணியை வாடகைக்கு எடுக்கும்போது எதைப் பார்க்கணும் என்று கேட்ட அக்காவுக்கு: அது வேற கதை. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். மடிப்பைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்க.

மூன்றுக்குக் கடைக்காரர் விட்டுக்கொடுத்தார், படம் காட்டிய பிறகு. நாலாவதுக்குப் புது விலை கேட்கிறார். பழைய நாற்காலிக்குப் பாதி விலை போதாதா? பேச்சு இன்னும் நடக்குது.